நான்கு லெக், ஒரே தாள்: ஆப்ஷன் லாப நஷ்டக் கணக்கை எக்செலில் போடுவது

அயர்ன் காண்டர் போடுகிறவரிடம் "இதில் அதிகபட்சம் எவ்வளவு போகும்?" என்று கேட்டால், "ஸ்ட்ரைக் இடைவெளியில் இருந்து, கைக்கு வந்த பிரீமியத்தைக் கழித்துக்கொள்" என்று சொல்வார். இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்வரை அது சரிதான். ஆனால் சந்தை ஒரு பக்கம் நகர்ந்ததும் ஒரு லெக்கை மாற்றுகிறோம், இன்னொன்றில் ஒரு லாட் கூட்டுகிறோம். அதற்குப் பிறகு கையில் இருப்பது அயர்ன் காண்டரும் இல்லை, பெயருள்ள வேறு எதுவும் இல்லை. மனப்பாடம் செய்த சூத்திரம் அங்கே உதவாது.

அதனால் நாம் கட்டப்போகிற தாளுக்கு உத்தியின் பெயரே தெரிய வேண்டாம். என்ன வாங்கினோம், என்ன விற்றோம், என்ன விலைக்கு என்பதை மட்டும் கொடுத்தால், பிரேக் ஈவனையும் அதிகபட்ச நஷ்டத்தையும் அதுவே சொல்ல வேண்டும். இது நடக்கும் என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. எக்ஸ்பைரி நாளில் ஆப்ஷனின் லாப நஷ்டக் கோடு வளைவானது இல்லை. நேர்க்கோட்டுத் துண்டுகள்தான், அவை ஸ்ட்ரைக் விலைகளில் மட்டுமே மடங்கும். எத்தனை லெக் சேர்த்தாலும் இது மாறாது. தாள் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

நிஃப்டியை எடுத்துக்கொள்வோம். குறியீடு 25,000 அருகே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் விலைகள் கணக்குக்காக நான் போட்டவை. லாட் அளவு 75 என்று வைத்திருக்கிறேன். 25 ஆக இருந்த நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 75 ஆனது. இது அவ்வப்போது மாறுகிற எண் என்பதால் எந்த ஃபார்முலாவுக்குள்ளும் அதை நேரடியாக எழுதக் கூடாது. `B1` செல்லில் லாட் அளவு, `B2` செல்லில் மொத்தக் கட்டணச் செலவு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். இப்போதைக்கு `B2` பூஜ்ஜியமாக இருக்கட்டும்.

நான்காவது வரிசையில் தலைப்புகள். 5 முதல் 10 வரை ஆறு லெக்குக்கு இடம். நம் உதாரணத்துக்கு நான்கு போதும், மீதி இரண்டு வெறுமையாக இருக்கும்.

```
     A     B    C     D       E
   வகை  பக்கம் லாட் ஸ்ட்ரைக் பிரீமியம்
5   PE     B    1   24500     62
6   PE     S    1   24700    105
7   CE     S    1   25300     98
8   CE     B    1   25500     51
```

`CE` என்றால் கால், `PE` என்றால் புட். வாங்கினால் `B`, விற்றால் `S`. விற்ற இரண்டில் 203 புள்ளி வந்தது, வாங்கிய இரண்டுக்கு 113 போனது. நிகரமாகக் கையில் 90 புள்ளி. இந்த 90ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தாள் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க இதுதான் நம் கைக்கணக்கு.

`F` நெடுவரிசையில் குறியோடு கூடிய எண்ணிக்கை வர வேண்டும். வாங்கியது கூட்டல், விற்றது கழித்தல்.

```
F5:  =IF(A5="",0,IF(B5="B",1,-1)*C5*$B$1)
```

இதை `F10` வரை இழுத்துவிடுங்கள். 75, -75, -75, 75, அப்புறம் இரண்டு பூஜ்ஜியம் வரும்.

அடுத்து, ஒரு குறிப்பிட்ட விலையில் நிஃப்டி முடிந்தால் மொத்தம் எவ்வளவு என்பது. கால் ஆப்ஷனின் எக்ஸ்பைரி மதிப்பு, முடிவு விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டிய அளவு. தாண்டாவிட்டால் பூஜ்ஜியம். புட்டுக்கு, ஸ்ட்ரைக்குக் கீழே போன அளவு. அந்த மதிப்பில் இருந்து நாம் போட்ட பிரீமியத்தைக் கழித்து, `F`இல் இருக்கும் எண்ணால் பெருக்கினால் அந்த லெக்கின் லாப நஷ்டம். விற்ற லெக்குக்கு `F` கழித்தலில் இருப்பதால் குறி தானாகத் திரும்பிவிடும், தனி ஃபார்முலா தேவையில்லை. `H` நெடுவரிசையில் முடிவு விலை, `I` நெடுவரிசையில் மொத்தம்:

```
I5:
=ROUND(SUMPRODUCT($F$5:$F$10*(
 ($A$5:$A$10="CE")*(H5>$D$5:$D$10)*(H5-$D$5:$D$10)
+($A$5:$A$10="PE")*(H5<$D$5:$D$10)*($D$5:$D$10-H5)
-$E$5:$E$10))-$B$2,2)
```

பார்க்க நீளமாக இருந்தாலும் மேலே தமிழில் சொன்னதுதான் இது. `(H5>$D$5:$D$10)` என்பது தாண்டியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. நிறைய பேர் இந்த இடத்தில் `MAX(H5-$D$5:$D$10,0)` என்று எழுதுவார்கள், நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தவறு என்று எக்செல் காட்டாது, ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும். `MAX` ஆறு வித்தியாசங்களையும் ஒன்றாகப் பார்த்து, பெரியது எதுவோ அந்த ஒரே எண்ணைத் திருப்பித் தந்துவிடுகிறது. வெறுமையான இரண்டு வரிசைகளில் ஸ்ட்ரைக் பூஜ்ஜியமாகக் கணக்காவதால், கிடைக்கும் எண் முடிவு விலை முழுவதுமாகவே இருக்கும். ஒரே ஒரு லெக்கை மட்டும் போட்டுப் பார்த்து, கைக்கணக்கோடு ஒத்துவருகிறதா என்று சோதித்தால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

வெளியே இருக்கும் `ROUND` ஒரு சின்னக் காவல். பிரீமியம் 5 பைசா படிகளில் வருவதால், பூஜ்ஜியம் ஆக வேண்டிய விடை சில சமயம் 0.0000000001 என்று மிச்சம் வைக்கும். பிரேக் ஈவன் தேடும்போது அது தொல்லை தரும்.

சரி, `H` நெடுவரிசையில் என்ன விலைகளைப் போடுவது? எல்லாரும் செய்வது, 24,000 முதல் 26,000 வரை 100 புள்ளிக்கு ஒரு வரிசை. படம் வரைய அது போதும். பிரேக் ஈவனுக்கும் அதிகபட்ச நஷ்டத்துக்கும் அதை நம்பக் கூடாது. நம் உதாரணத்தின் கீழ்ப் பிரேக் ஈவன் 24,610. நூறு நூறாகப் போகும் பட்டியலில் 24,600இல் நஷ்டம், 24,700இல் லாபம் என்றுதான் தெரியும், நடுவில் எங்கே மாறியது என்று தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் விளிம்பில் இருக்கிறது. பட்டியல் 26,000இல் நின்றுவிட்டால், அதற்கு மேலே நடப்பது எதுவும் நம் கண்ணில் படாது.

கோடு ஸ்ட்ரைக்கில் மட்டும்தான் மடங்கும் என்றோமே, அதை இங்கே பயன்படுத்துவோம். பூஜ்ஜியம், ஒவ்வொரு ஸ்ட்ரைக், கடைசி ஸ்ட்ரைக்குக்கு வெகு மேலே ஒரு புள்ளி. இவ்வளவுதான் தேவை. இரண்டு பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடு நேராக இருப்பதால், உள்ளே ஒளிந்திருக்க எதுவும் இல்லை.

```
H5:   0
H6:   =IFERROR(SMALL($D$5:$D$10,ROWS(H$6:H6)),MAX($D$5:$D$10))
H12:  =2*MAX($D$5:$D$10)
```

`H6`ஐ `H11` வரை இழுங்கள். `SMALL` ஸ்ட்ரைக்குகளைச் சிறியதில் இருந்து வரிசைப்படுத்தும். நான்கே லெக் இருக்கும்போது ஐந்தாவதும் ஆறாவதும் கிடைக்காது, அப்போது பெரிய ஸ்ட்ரைக்கே திரும்ப வரும். ஒரே விலை இரண்டு மூன்று முறை வந்தால் கணக்குக்குக் கெடுதல் இல்லை. இப்போது `I5`ஐ `I12` வரை இழுத்தால் இப்படி வரும்:

```
      H        I
5         0   -8250
6     24500   -8250
7     24700    6750
8     25300    6750
9     25500   -8250
10    25500   -8250
11    25500   -8250
12    51000   -8250
```

கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். நடுவில் 90 புள்ளி, 75ஆல் பெருக்கினால் 6,750. வெளியே 200இல் 90 போக 110 புள்ளி நஷ்டம், அதாவது 8,250. ஒத்துவருகிறது.

பிரேக் ஈவன் என்பது கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடம். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் ஒன்று கழித்தலாகவும் மற்றது கூட்டலாகவும் இருந்தால், நடுவே எங்கோ கடந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் கழித்தல் வரும், அதுதான் அடையாளம். துண்டு நேராக இருப்பதால் கடந்த இடத்தை விகிதக் கணக்கில் துல்லியமாகச் சொல்லலாம். ஐந்தாம் வரிசைக்கு முன்னால் எதுவும் இல்லாததால் `J6`இல் தொடங்குகிறோம்.

```
J6:
=IF(I5*I6<0,H5-I5*(H6-H5)/(I6-I5),
 IF(AND(I6=0,H6<>H5),H6,""))
```

இரண்டாவது `IF`, கோடு சரியாக ஒரு ஸ்ட்ரைக்கிலேயே பூஜ்ஜியத்தைத் தொட்டால் அதை விட்டுவிடாமல் இருக்க. `J12` வரை இழுங்கள். `J7`இல் 24,610, `J9`இல் 25,390 வரும். ஏழாம் வரிசையை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம்: 24,500இல் நஷ்டம் 8,250, அடுத்த 200 புள்ளியில் மொத்த ஏற்றம் 15,000. 8,250ஐ ஈடுகட்ட 110 புள்ளி வேண்டும். ஆக 24,610.

அதிகபட்ச நஷ்டத்துக்கு `MIN(I5:I12)` என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். எழுதக் கூடாது. கடைசிப் புள்ளியைத் தாண்டியும் கோடு இறங்கிக்கொண்டே போனால், `MIN` காட்டுவது நாம் தேர்ந்தெடுத்த கடைசி விலையில் இருக்கும் நஷ்டத்தை மட்டும்தான். கோடு இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசி ஸ்ட்ரைக்குக்கு மேலே புட் எல்லாம் செத்துவிடும், கால் எல்லாம் உயிரோடு இருக்கும். அங்கே நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் நம் கணக்கு எத்தனை ரூபாய் நகரும் என்பது, கால் லெக்குகளின் `F` கூட்டுத்தொகைதான். அது கழித்தலாக இருந்தால் நஷ்டத்துக்கு வரம்பு இல்லை. கீழ்ப்பக்கத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது, அந்தப் புள்ளி ஏற்கெனவே `H5`இல் இருக்கிறது.

```
L5:  =IF(SUMIF(A5:A10,"CE",F5:F10)<0,"வரம்பில்லை",MIN(I5:I12))
M5:  =IF(SUMIF(A5:A10,"CE",F5:F10)>0,"வரம்பில்லை",MAX(I5:I12))
N5:  =IF(COUNT(J6:J12)=0,"இல்லை",MIN(J6:J12))
O5:  =IF(COUNT(J6:J12)=0,"இல்லை",MAX(J6:J12))
```

`L4` முதல் `O4` வரை தலைப்பு: அதிகபட்ச நஷ்டம், அதிகபட்ச லாபம், கீழ்ப் பிரேக் ஈவன், மேல் பிரேக் ஈவன். பிரேக் ஈவன் ஒன்றே ஒன்று என்றால் இரண்டு செல்லிலும் அதுவே நிற்கும். இரண்டுக்கு மேல் இருந்தால் `J` நெடுவரிசையைப் பார்க்க வேண்டும்.

இப்போது தாளைக் கொஞ்சம் தொந்தரவு செய்து பார்ப்போம். வாங்கிய காலை 25,500இல் இருந்து 25,700க்கு நகர்த்துங்கள், பிரீமியம் 24 என்று வையுங்கள். வெளியே போகிற காசு குறைவதால் கையில் 90க்குப் பதில் 117 புள்ளி. இடைவெளிச் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் 200இல் 117 போக 83, அதாவது 6,225 ரூபாய்தான் ஆபத்து என்று நினைப்பார். தாளில் `L5` என்ன சொல்கிறது? -21,225. மேல்பக்க இடைவெளி 400 ஆகிவிட்டது, அங்கே நஷ்டம் 283 புள்ளி. கீழே விழுந்தால் 6,225, மேலே ஏறினால் அதைவிட மூன்று மடங்குக்கும் மேலே. பிரேக் ஈவனைப் பார்த்தால் 24,583க்கும் 25,417க்கும் விரிந்து, முன்பைவிட நல்ல உத்தி போலத் தெரியும். இரண்டு நெடுவரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். பிரேக் ஈவன் விரிகிறபோதெல்லாம், அதற்கு எங்கே விலை கொடுத்தோம் என்று நஷ்ட நெடுவரிசையில் தேடுங்கள்.

இன்னொரு சோதனை. வாங்கிய கால் லெக்கை மறுபடி 25,500க்கு, பிரீமியத்தை 51க்குக் கொண்டுவந்து, விற்ற 25,300 காலின் லாட்டை மட்டும் 2 ஆக்குங்கள். கையில் 188 புள்ளி வந்துவிட்டது, மனசுக்குக் குளிர்ச்சி. நூறு நூறாகப் போகும் பழைய பட்டியல் 26,000இல் நிற்கும், அதன்படி அதிகபட்ச நஷ்டம் 53,400. பட்டியலை 27,000 வரை நீட்டினால் அதே நஷ்டம் 1,28,400 ஆகிவிடும். எங்கே நிறுத்துகிறோமோ அங்கேதான் "அதிகபட்சம்". நம் தாளில் `SUMIF` -75 என்று வந்து, `L5`இல் நேராக "வரம்பில்லை" என்று விழும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் செல்லுக்குச் சிவப்பு நிறம் வருமாறு நான் வைத்திருக்கிறேன்.

தாள் தவறாகப் பேசுவது பெரும்பாலும் உள்ளீட்டில் நேர்கிற பிழையால்தான். `CE` என்று தட்டும்போது பின்னால் ஒரு இடைவெளி சேர்ந்துவிட்டால், அந்த லெக் காலும் இல்லை புட்டும் இல்லை என்று ஆகி, அதன் பிரீமியம் மட்டும் கணக்கில் சேரும். விற்ற லெக்காக இருந்தால் சும்மா வந்த பணம் போலத் தெரியும். `A`, `B` இரண்டு நெடுவரிசைகளுக்கும் டேட்டா வேலிடேஷனில் கீழிறங்கு பட்டியல் வைத்துவிட்டால் இது நடக்காது. அப்புறம், `L5`இல் கழித்தல் இல்லாத எண் வந்தால் மகிழ வேண்டாம். எந்த விலையிலும் நஷ்டமே இல்லாத உத்தி நமக்காகக் காத்திருக்காது. ஏதோ ஒரு பிரீமியத்தைத் தவறாகத் தட்டியிருப்போம், அல்லது காலையில் நடந்த பழைய விலை ஒன்று உள்ளே இருக்கும்.

பிரீமியம் என்று சொல்லும்போது, திரையில் தெரியும் கடைசி வர்த்தக விலையை `E`இல் போடுவது எனக்கு உடன்பாடு இல்லை. தூரத்து ஸ்ட்ரைக்குகளில் வர்த்தகம் குறைவு, அந்தக் கடைசி விலை பத்து நிமிடம் பழையதாக இருக்கலாம். ஆர்டர் போடும் முன் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றால், விற்கும் லெக்குக்கு வாங்குபவர் கேட்கும் விலையையும், வாங்கும் லெக்குக்கு விற்பவர் சொல்லும் விலையையும் போடுங்கள். நான்கு லெக்கிலும் ஒன்றரைப் புள்ளி தள்ளிப்போனால், 90 என்று நினைத்தது 84 ஆகிவிடும், இரண்டு பிரேக் ஈவனும் 6 புள்ளி உள்ளே வந்துவிடும். ஆர்டர் நிறைவேறிய பிறகு, உண்மையில் கிடைத்த விலையை மாற்றிப் போட வேண்டும்.

`B2`க்கு வருவோம். தரகு, எஸ்.டி.டி., பரிவர்த்தனைக் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைத்தாள் வரி எல்லாம் சேர்ந்து 300 ரூபாய் என்று வையுங்கள். ஒரு லாட்டில் இது 4 புள்ளி. பிரேக் ஈவன் 24,614க்கும் 25,386க்கும் நகரும், அதிகபட்ச நஷ்டம் 8,550 ஆகும். துல்லியமான தொகை முன்கூட்டியே தெரியாது, ஏனென்றால் வாங்கிய ஆப்ஷன் எக்ஸ்பைரியில் பணத்தோடு முடிந்தால் அதன் மதிப்பின் மேல் தனியாக எஸ்.டி.டி. விழும். முந்தைய ஒப்பந்தக் குறிப்பு ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் மொத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும்.

படம் வேண்டுமென்றால் `H6:I11` பகுதியைத் தேர்ந்தெடுத்து, நேர்க்கோடு உள்ள ஸ்கேட்டர் வகையைப் போடுங்கள், கிடை அச்சை 24,000 முதல் 26,000 என்று கட்டுங்கள். சாதாரண லைன் சார்ட் எல்லாப் புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்துவிடும், 200 புள்ளி தூரமும் 600 புள்ளி தூரமும் ஒன்று போலத் தெரியும்.

இந்தத் தாள் பேசுவது எக்ஸ்பைரி நாளின் முடிவு விலையைப் பற்றி மட்டும். எக்ஸ்பைரிக்கு ஐந்து நாள் முன்னால் நிஃப்டி 25,350இல் இருந்தால், `I` கணக்குப்படி லாபப் பகுதி. ஆனால் விற்ற காலில் நேர மதிப்பு இன்னும் மிச்சம் இருப்பதால், தரகரின் திரையில் நஷ்டம் ஓடிக்கொண்டிருக்கலாம். அதே காரணத்தால் காலண்டர் ஸ்பிரெட்டை இதில் போடக் கூடாது. முதல் எக்ஸ்பைரி வரும்போது அடுத்த மாத லெக்கில் உயிர் இருக்கும், அதன் மதிப்புக் கோடு வளைவானது, நம் நேர்க்கோட்டு விதி அங்கே உடைந்துவிடும். தாள் ஏதோ ஒரு எண்ணைத் தரும், அது தவறாகத்தான் இருக்கும். `G` நெடுவரிசையில் எக்ஸ்பைரித் தேதியை எழுதி வைத்து, எல்லாம் ஒன்றாக இல்லாவிட்டால் `L5` விடை தராமல் நிற்கும்படி செய்துவிடுவது நல்லது:

```
L5:
=IF(MAX(G5:G10)<>MIN(G5:G10),"எக்ஸ்பைரி வேறு",
 IF(SUMIF(A5:A10,"CE",F5:F10)<0,"வரம்பில்லை",MIN(I5:I12)))
```

தனிப் பங்குகளின் ஆப்ஷனுக்கு இன்னொரு எச்சரிக்கை. நிஃப்டி பணத்தில் தீர்ந்துவிடும். இந்தியாவில் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் 2019 அக்டோபரில் இருந்து பங்கு டெலிவரியில் தீர்கின்றன. `L5` காட்டும் நஷ்டம் அங்கேயும் கணக்கில் சரிதான். ஆனால் முடிவு விலை நம் இரண்டு புட் ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே நின்றுவிட்டால், விற்ற புட்டுக்காக முழுப் பங்கையும் காசு கொடுத்து வாங்க வேண்டும், நாம் வாங்கிய புட் உதவிக்கு வராது. வாங்கிய பங்கை விற்க முடிவதற்குள் அதன் விலை எங்கே போகும் என்பது இந்தத் தாளுக்குத் தெரியாது. பங்கு ஆப்ஷன் என்றால், எக்ஸ்பைரிக்கு முன்பே நான்கு லெக்கையும் முடித்துவிட்டு, வெளியேறிய விலைகளை வைத்துக் கணக்கைப் பாருங்கள்.